சட்டை மாறிய வழித்தடம்

ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவு. போன பருவத்தில் எடுத்த மாடல் படங்கள் கையில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் வெளிர்நீலப் பருத்திச் சட்டை. அடுத்த பருவத்துக்கு அதே வெட்டில் கரும்பச்சை லினன் சட்டை போடலாமா என்று பேச்சு. மாதிரிச் சட்டை தைத்து, மாடலை வரவழைத்து, படம் எடுத்துப் பார்க்கும் முன் அது எப்படி இருக்கும் என்று உள்ளுக்குள்ளேயே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நிறத்தை மட்டும் மாற்றுவதென்றால் எந்தப் படச் செயலியும் போதும். லினனின் சொரசொரப்பும் அது மடங்கும் விதமும் வேண்டும் என்பதால், செயற்கை நுண்ணறிவுப் பட மாடல் ஒன்றைக் கொண்டு சட்டையை மட்டும் மாற்றி வரையச் செய்கிறார் வடிவமைப்பாளர். ஒரு மத்தியானம் முழுக்க முயன்று, கடைசியில் நல்ல படம் ஒன்று வருகிறது.

மறுநாள் பக்கத்து மேசைக்காரர் கேட்கிறார்: “இதே மாதிரி மிச்சப் படங்களையும் நான் பண்ணிடறேன், எப்படிப் பண்ணீங்க?”

இந்தக் கேள்விக்குத்தான் பெரும்பாலான இடங்களில் பதில் இருப்பதில்லை. எந்தப் பகுதியை மறைத்தார், எந்த அளவு மாற்றச் சொன்னார், எந்த வாக்கியத்தைக் கொடுத்தார், முடிந்த படத்தை மூலப் படத்தோடு எப்படிச் சேர்த்தார் என்பதெல்லாம் பத்துப் பதினைந்து சின்னச் சின்ன முடிவுகள். சொல்லிப் புரியவைத்தால் பாதி விட்டுப்போகும். இந்த முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேமித்து அடுத்தவரிடம் கொடுக்க வழி செய்யும் மென்பொருள்களில் இன்று மிகுதியாகப் புழங்குவது கம்ஃபியூஐ. 2023 ஜனவரியில் வெளிவந்த திறமூல மென்பொருள் அது. அதன் திரையில் ஒவ்வொரு வேலையும் ஒரு பெட்டி. பெட்டியைத் துறையில் நோடு என்பார்கள். ஒரு நோடின் விளைவு ஒரு கம்பி வழியாக அடுத்த நோடுக்குப் போகும். திரைப்பட வரைகலையில் நியூக் போன்ற மென்பொருள்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் முறைதான் இது. அங்கே பழகியவர்களுக்கு இதில் புதுமை இல்லை. படத்தை நேராகத் திறந்து திருத்திப் பழகியவர்களுக்கு முதல் பார்வையில் மின்வாரியப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும்.

சட்டை மாற்றும் வரைபடத்தை இடமிருந்து வலமாகப் படிக்கலாம். முதலில் `Load Image`: மாடலின் படம் இங்கே நுழைகிறது. பக்கத்தில் `Load Checkpoint`: படம் வரையும் மாடலின் கோப்பை இது திறக்கிறது. இங்கே எடுத்துக்கொள்வது 2023 ஜூலையில் வந்த எஸ்டிஎக்ஸ்எல். அதன் கோப்பு ஒன்றே ஏறத்தாழ 7 ஜிபி. இரண்டு `CLIP Text Encode` நோடுகளில் ஒன்றில் என்ன வேண்டும் என்பதும் (கரும்பச்சை லினன் சட்டை, இயல்பான மடிப்புகள்), மற்றதில் என்ன வேண்டாம் என்பதும் எழுதப்பட்டிருக்கும். படத்தை மாடலுக்குப் புரியும் சுருக்க வடிவத்துக்கு மாற்றுவது `VAE Encode`. அந்த வடிவத்தில் சட்டையின் பகுதியை மட்டும் திறந்துவிடுவது `Set Latent Noise Mask`. உண்மையில் வரைவது `KSampler`. வரைந்ததை மறுபடி கண்ணுக்குத் தெரியும் படமாக்குவது `VAE Decode`.

இந்த இடத்தில் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து `Save Image` நோடை மாட்டிவிடுபவர்கள் உண்டு. அப்படி வந்த படத்தை மூலப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சிக்கல் தெரியும். சட்டையைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்றாலும் இமை முடிகள் குழைந்திருக்கும். கைக்கடிகாரத்தின் எண்கள் கலங்கியிருக்கும். காரணம், படம் முழுவதும் சுருக்க வடிவத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அந்த வடிவம் நீளத்திலும் அகலத்திலும் மூலத்தில் எட்டில் ஒரு பங்குதான். போய்வரும் வழியில் நுண்விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. இதற்கு மருந்து `ImageCompositeMasked` என்ற நோடு. மூலப் படத்தை `destination` என்ற துளையிலும், புதிதாக வரைந்ததை `source` துளையிலும், சட்டையின் மாஸ்க்கை `mask` துளையிலும் மாட்டினால், சட்டை மட்டும் புதியது, மற்றதெல்லாம் அசல் பிக்சல் என்றாகிவிடும். வடிவமைப்பாளர் இந்த நோடை எப்போது சேர்த்தார், ஏன் சேர்த்தார் என்று வாயால் சொல்ல மறந்தாலும் கம்பி மறப்பதில்லை. வரைபடமாகச் சேமிப்பதன் பெரிய பயன் இதுதான்.

படத்தின் நீளமும் அகலமும் எட்டால் வகுபடும்படி முதலிலேயே அளவைச் சரிசெய்யும் நோடு ஒன்றையும் வைப்பது நல்லது. வகுபடாவிட்டால் மென்பொருள் ஓரத்தில் சில பிக்சல்களை வெட்டிவிடும். ஒட்டும்போது சட்டை இம்மியளவு நகர்ந்து கழுத்தோரத்தில் நீலக்கோடு தெரியும். ஆள் நிற்கும் படத்துக்கு 832×1216 என்பது எஸ்டிஎக்ஸ்எல்லுக்குப் பொருத்தமான அளவு.

`KSampler` நோடில் உள்ள `denoise` என்ற எண்தான் இந்த வேலையின் உயிர். பழைய சட்டையை எவ்வளவு மறக்கலாம் என்பதை அது சொல்கிறது. 0.4 வைத்தால் நீலம் முழுதாகப் போகாது. சாயம் வெளுத்த சட்டை போல ஒன்று வரும். 0.95 வைத்தால் பச்சை அருமையாக வரும், ஆனால் பொத்தான் வரிசை இடம் மாறும், காலரின் வெட்டே வேறாகிவிடும். எந்த வெட்டுக்காக இத்தனையும் செய்கிறோமோ அதுவே போய்விடுகிறது. 0.7 பக்கத்தில் எங்கோ மடிப்பும் நிழலும் பழையதாக, துணி புதியதாக அமையும் ஓர் இடம் இருக்கும். அது மாடலுக்கு மாடல், படத்துக்குப் படம் கொஞ்சம் நகரும். தேடிக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் ஆகிறது. கோப்பில் அது ஓர் எண்ணாக நிற்கிறது.

இதே இடத்தில் புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. `VAE Encode (for Inpainting)` என்று பெயரிலேயே இந்த வேலைக்கானது போலத் தோன்றும் நோடு இருக்கிறது. அது மாஸ்க் போட்ட பகுதியைச் சாம்பல் நிறமாக அழித்துவிட்டு அனுப்புகிறது. எனவே அதனுடன் `denoise` எண்ணை 1.0 வைத்தே ஆகவேண்டும், 0.7 வைத்தால் சட்டை இருக்கும் இடத்தில் அழுக்குச் சாம்பல் படிந்த துணி வரும். அந்தச் சாம்பல் கண்ணில் பட்டால் எண்ணைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். இடப்பக்கம் எந்த நோடு மாட்டியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இனி சேமிப்பு. கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் வரைபடம் முழுவதும் ஜேசன் வடிவக் கோப்பாகப் பதிவாகும். நோடுகள், கம்பிகள், எண்கள், திரையில் எது எங்கே இருந்தது, எந்தப் பெட்டிக்கு என்ன நிறம் என்பதெல்லாம் அதில் அடங்கும். அளவு சில கிலோபைட்கள்தான். நிரலாளர்களுக்கென்று, திரை அலங்காரம் எதுவும் இல்லாத இன்னொரு வடிவத்திலும் ஏற்றுமதி செய்யலாம். அதில் நம் `KSampler` இப்படி இருக்கும்:

```json
"3": {
  "class_type": "KSampler",
  "inputs": {
    "seed": 20417,
    "steps": 28,
    "cfg": 6.5,
    "sampler_name": "dpmpp_2m",
    "scheduler": "karras",
    "denoise": 0.7,
    "model": ["4", 0],
    "positive": ["6", 0],
    "negative": ["7", 0],
    "latent_image": ["12", 0]
  }
}
```

பார்க்க மிரட்டினாலும் படிக்க எளிது. `["4", 0]` என்றால் 4ஆம் நோடின் முதல் வெளித்துளையிலிருந்து கம்பி வருகிறது என்று பொருள். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. திரையில் தெரிந்த கம்பி இங்கே இரண்டு எண்களாகிவிட்டது. படப்பெயரை மட்டும் மாற்றி மாற்றி இந்தக் கோப்பை அனுப்பச் சின்ன நிரல் ஒன்று எழுதினால், இரவில் படங்கள் வரிசையாகத் தானே ஓடும்.

மூன்றாவது வழி பலருக்கும் வியப்பாக இருக்கும். கம்ஃபியூஐ சேமிக்கும் ஒவ்வொரு பிஎன்ஜி படத்துக்குள்ளும், அதை உண்டாக்கிய வரைபடம் எழுத்தாகப் புதைந்திருக்கிறது. படத்தை இழுத்துத் திரையில் போட்டால் வரைபடம் அப்படியே விரியும். எனவே சக ஊழியருக்கு நல்ல படத்தை அனுப்பினாலே போதும்; எப்படிச் செய்தது என்பதும் கூடவே போய்விடுகிறது.

போகாத சந்தர்ப்பமும் உண்டு. நம் அலுவலகங்களில் படம் அனுப்புவதென்றால் வாட்ஸ்அப்தான். அதில் படமாக அனுப்பினால், அது படத்தைச் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடுகிறது. உள்ளே இருந்த வரைபடம் சுத்தமாக அழிந்துவிடும். பெறுபவர் இழுத்துப் போட்டுப் பார்ப்பார், எதுவும் விரியாது. ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும். இதற்கு நேர்மாறான கவனமும் வேண்டும். வெளியே வாடிக்கையாளருக்கு அந்த பிஎன்ஜியையே அனுப்பினால், எழுதிய வாக்கியங்கள், கோப்புப் பெயர்கள் உட்பட முழுச் செய்முறையும் அவர் கைக்குப் போகிறது. கோப்புப் பெயரில் இன்னும் அறிவிக்காத பிராண்டின் பெயர் இருந்தால் அதுவும் போகிறது. வெளியே போவதை ஜேபெக் ஆக்கி அனுப்புவதுதான் சரி.

சக ஊழியர் கோப்பைத் திறக்கிறார். ஓட்டுகிறார். ஓடவில்லை. முதல்முறை அநேகமாக இப்படித்தான் நடக்கும். காரணம் எளிது: தையல்காரரின் அளவுச்சீட்டில் மார்பளவும் தோளளவும் இருக்கும், துணி இருக்காது. வரைபடக் கோப்பும் அப்படித்தான். 7 ஜிபி மாடலின் பெயர் அதில் இருக்கிறது, மாடல் இல்லை. படத்தின் பெயர் இருக்கிறது, படம் இல்லை.

கோப்பு இல்லையென்றால் திரை `Value not in list` என்று சொல்லும். கேட்ட பெயர் இந்தக் கணினியின் பட்டியலில் இல்லை என்பதே அதன் பொருள். மாடலைப் பதிவிறக்கி `models/checkpoints` கோப்புறையில் வைத்தால் தீர்ந்தது. இதில் நேர்மையான பிழைதான் நல்ல பிழை. மோசமானது, பெயர் ஒன்றாக இருந்து உள்ளே இருக்கும் கோப்பு வேறாக இருப்பது. யாரோ எப்போதோ வேறொரு மாடலுக்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். பிழைச்செய்தி எதுவும் வராது. சட்டை மட்டும் வேறு மாதிரி வரும். இரண்டு கணினிகளிலும் கோப்பின் எஸ்எச்ஏ-256 கையொப்பத்தைப் பார்த்து ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்படும். விண்டோஸில் அதற்கான கட்டளை:

```
certutil -hashfile sd_xl_base_1.0.safetensors SHA256
```

மாஸ்க்கின் கதை இன்னும் நுட்பமானது. `Load Image` நோடின் மேல் வலச்சொடுக்கி, மாஸ்க் எடிட்டரைத் திறந்து, சட்டையின் மேல் கையால் பூசினால், பூசிய படம் அந்தக் கணினியின் `input` கோப்புறைக்குள் `clipspace` என்ற துணைக் கோப்புறையில் புதுப்பெயரில் உட்கார்ந்துகொள்ளும். வரைபடம் அந்தப் பெயரைத்தான் நினைவில் வைக்கிறது. வேறு கணினியில் அந்தக் கோப்பு ஏது? ஆகவே மூலப் படம், மாஸ்க் இரண்டையும் தனித்தனிக் கோப்பாக வைத்து, மாஸ்க்கைத் தனி நோடு வழியே உள்ளே கொண்டுவருவதே பகிரத் தகுந்த முறை. மூன்று கோப்புகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்ப வேண்டும்: ஜேசன், மாதிரிப் படம், அதன் மாஸ்க்.

ஆனால் அடுத்த படத்துக்கு மாடல் வேறு மாதிரி நிற்கிறாரே? ஒவ்வொரு படத்துக்கும் கையால் பூசுவதென்றால் மறுபடி ஓட்டுவதன் பயனில் பாதி போய்விடும். அதனால் ஆடையைத் தானே கண்டுபிடித்து மாஸ்க் ஆக்கும் நோடுகளைச் சேர்க்கிறார்கள். இதற்குப் பரவலாகப் பயன்படும் மாடல்களில் ஒன்று `segformer_b2_clothes`. படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் 18 வகைகளில் ஒன்றாக அது பிரிக்கும்: மேலாடை, பாவாடை, பேன்ட், கவுன், பெல்ட், ஸ்கார்ஃப், இடது கை, முடி, முகம் என்று போகும் அந்தப் பட்டியல். சட்டைக்கு இது மிக நன்றாக வேலை செய்கிறது. மேலாடை என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் தோளும் கையும் சேர்ந்த அழகான மாஸ்க் கிடைக்கும்.

அந்தப் பட்டியலில் புடவை இல்லை. வேட்டியும் இல்லை. புடவை கட்டிய பெண்ணின் படத்தைக் கொடுத்தால் அதையும் இந்த 18க்குள்தான் அடக்கியாக வேண்டும். உடல் ஒரு வகையிலும், கொசுவம் இன்னொரு வகையிலும், தோளிலிருந்து தொங்கும் முந்தானை வேறொரு வகையிலும் விழ வாய்ப்புண்டு. ரவிக்கை தனியே மேலாடை ஆகிவிடலாம். கவுனை மட்டும் தேர்ந்தெடுத்த வரைபடத்தை ஓட்டினால் உடம்பு பச்சையாகவும் முந்தானை பழைய நிறத்திலும் நிற்கும். சட்டைக்காகக் கட்டிய வரைபடத்தைப் புடவைப் பிரிவுக்குத் தூக்கிக் கொடுக்கும் முன் மாஸ்க்கை மட்டும் தனியே ஒரு `Preview` நோடில் மாட்டிப் பார்க்க வேண்டும். பல வகைகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் சில படங்கள் தேறும். தேறாதவற்றுக்குக் கையால் பூசுவது தவிர இப்போதைக்கு வேறு நேர்வழி இல்லை. நம் ஊர் உடைகள் இந்தத் தரவுகளில் இடம்பெறாததன் விலை இப்படி ஒரு சாதாரண அலுவலக வேலையில் வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை.

தானாக வந்த மாஸ்க் சட்டையின் விளிம்போடு ஒட்டி நிற்கும். நீலம் ஓரத்தில் எட்டிப் பார்க்காமல் இருக்க, `GrowMask` கொண்டு சில பிக்சல் விரிக்க வேண்டும். விளிம்பை மென்மையாக்க `FeatherMask` என்ற பெயரைப் பார்த்து அதை மாட்டுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அது படச்சட்டத்தின் நான்கு ஓரங்களைத்தான் மென்மையாக்குகிறது, மாஸ்க்கின் விளிம்பை அல்ல. மாஸ்க்கைப் படமாக மாற்றி, மங்கச் செய்து, மறுபடி மாஸ்க் ஆக்குவதே வழி.

இப்படிச் சேர்க்கும் நோடுகளில் பல கம்ஃபியூஐயோடு வருவதில்லை, வெளியாட்கள் எழுதியவை. சக ஊழியரின் கணினியில் அவை இல்லாவிட்டால் அந்தப் பெட்டிகள் சிவப்பாகத் தெரியும். விடுபட்ட நோடுகளை நிறுவித் தர மேனேஜர் என்ற துணைக்கருவி உண்டு. வசதிதான். ஆனால் வெளி நோடு என்பது அந்தக் கணினியில் முழு உரிமையோடு ஓடும் பைத்தான் நிரல். 2024 ஜூனில் `ComfyUI_LLMVISION` என்ற வெளி நோடு, நிறுவியவர்களின் உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களையும் அட்டை விவரங்களையும் திருடி அனுப்பியது தெரியவந்தது. ஆகவே பிறரிடம் கொடுக்கும் வரைபடத்தில் உள்நோடுகளால் முடிவதை உள்நோடுகளாலேயே செய்வதும், வெளி நோடு தவிர்க்க முடியாததென்றால் அதன் பெயரையும் பதிப்பையும் எழுதிவைப்பதும் பெறுபவருக்குச் செய்யும் கடமை.

எல்லாம் இருக்கிறது, ஓடுகிறது, ஆனால் சட்டையின் மடிப்பு வேறு மாதிரி வருகிறது என்றால் `seed` எண்ணைப் பார்க்க வேண்டும். வரைதல் தொடங்கும் தாறுமாறான புள்ளிக்கோலத்தை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. அதன் கீழே உள்ள `control_after_generate` என்ற தேர்வு `randomize` என்று இருந்தால், ஓட்டிய உடனே திரையில் எண் மாறிவிடும். படம் நன்றாக வந்த மகிழ்ச்சியில் கன்ட்ரோல்-எஸ் அழுத்துகிறவர் சேமிப்பது அடுத்த ஓட்டத்துக்கான எண்ணை. நல்ல படத்தைத் தந்த எண்ணை அல்ல. அந்த எண் படத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. நல்ல பிஎன்ஜியைத் திரையில் இழுத்துப் போட்டு, தேர்வை `fixed` ஆக்கி, பிறகு சேமித்தால் சரியான எண் பதிவாகும். இதன் பக்கவிளைவு ஒன்றையும் சொல்லிவைக்க வேண்டும்: எண்ணும் மற்றவையும் மாறாதபோது மறுபடி ஓட்டினால் மென்பொருள் ஒன்றும் செய்யாது. முன்பு செய்ததே கையில் இருக்கிறது என்று விட்டுவிடும். பழுது என்று நினைத்துக் கணினியை அணைத்துப் போடுபவர்கள் உண்டு.

தொடக்கப் புள்ளிக்கோலத்தைக் கம்ஃபியூஐ மையச் செயலியிலேயே உண்டாக்குகிறது. கிராஃபிக்ஸ் அட்டை வேறாக இருந்தாலும் அது மாறாது. அதன் பிறகான கணக்குகள் அட்டையைப் பொறுத்து கடைசி தசமங்களில் வேறுபடும். அதனால் சக ஊழியரின் படம் பிக்சலுக்குப் பிக்சல் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதே மடிப்பு, அதே பொத்தான், அதே நிழல் வந்தால் சரியாக ஓடியிருக்கிறது. காலரே வேறாக வந்தால் மாடல், எண், படத்தின் அளவு இவற்றில் ஒன்று மாறியிருக்கிறது.

கொடுக்கும் முன் வடிவமைப்பாளர் செய்யக்கூடிய கடைசி வேலை, கம்பிக்காட்டில் எதைத் தொடலாம் என்று காட்டுவது. நோடின் தலைப்பை இருமுறை சொடுக்கித் தமிழிலேயே பெயர் மாற்றலாம்: ‘மாடல் படம் இங்கே’, ‘புதுத் துணி விவரம்’. தொடவேண்டிய இரண்டு மூன்று நோடுகளை ஒரு குழுவாக்கிப் பச்சை நிறம் கொடுக்கலாம். ஒரு `Note` பெட்டியில் மாடல் கோப்பின் பெயர், கையொப்பம், `denoise` எண்ணை எவ்வளவு வரை நகர்த்தலாம், புடவைக்கு இது ஆகாது என்பவற்றை எழுதலாம். படத்தில் இருப்பவரிடம் உடையை மாற்றிக் காட்ட ஒப்புதல் வாங்கியிருக்கிறதா என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். வரைபடம் கைமாறும்போது அந்தக் கேள்விதான் முதலில் தொலைந்துபோகிறது. லினன் சட்டை உண்மையில் தைக்கப்படும்வரை இந்தப் படங்கள் அலுவலகத்துக்குள்ளேதான் என்பதையும் அதில் சேர்க்கலாம். எழுத்தில் கேட்டு வந்த பச்சையும் சாயப்பட்டறையிலிருந்து வரும் பச்சையும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மாடல்களை ஒவ்வொரு கணினியிலும் வைக்கச் சிரமப்படும் சிறிய அலுவலகங்கள் இன்னொரு வழி பார்க்கின்றன. நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள ஒரே கணினியில் கம்ஃபியூஐயை இப்படித் தொடங்கினால்,

```
python main.py --listen
```

அதே வலையமைப்பில் உள்ள மற்றவர்கள் தங்கள் உலாவியில் அந்தக் கணினியின் முகவரியோடு 8188 என்ற போர்ட் எண்ணைத் தட்டி உள்ளே வரலாம். மாடலும் நோடுகளும் ஓரிடத்தில். விடுபடல் என்ற பேச்சே இல்லை. ஆனால் அது தானாகக் கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. அலுவலக வைஃபையில் விருந்தினர்களும் இணைகிறார்கள் என்றால், அவர்களும் அந்த வரைபடத்தைத் திறக்கலாம், ஓட்டலாம். விருந்தினர் வைஃபையைத் தனியே பிரித்துவிட்டுத்தான் இந்த வழிக்குப் போக வேண்டும்.